4 அல்லது 6-இல் தொடங்கும் முகவரி: சமவழிப் பகிர்வில் பாக்கெட்டுகளின் வரிசை கலைவது எப்படி

பூந்தமல்லியைத் தாண்டி நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், திருமழிசை என்று போகும் பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓரத்தில், கீழே கண்ணாடியிழைக் கேபிள் புதைந்திருப்பதைச் சொல்லும் குத்துக்கற்கள் அங்கங்கே நிற்கும். அங்கிருந்து பத்து கிலோமீட்டர் போல வடக்கே தள்ளி அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகப் போகிறது ரயில் பாதை. தண்டவாளத்தை ஒட்டியும் கண்ணாடியிழை உண்டு. 2000-இல் தொடங்கப்பட்ட ரயில்டெல் நிறுவனத்தின் தொழிலே அதுதான். ஒரு காலத்தில் லேத் பட்டறைகளுக்குப் பேர்போன அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இப்போது டேட்டா சென்டர்கள் எழுந்து நிற்கின்றன. டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனத்தின் வளாகம் 2024 ஜனவரியில் அங்கே திறக்கப்பட்டது. இப்படி ஓரிடத்திலிருந்து பெங்களூருவுக்கு லிங்க் எடுக்கிறவர்கள், சாலையோரம் ஒன்றும் தண்டவாளத்தோரம் ஒன்றுமாக இரண்டு வழி கேட்பது நியாயம். பொக்லைன் இயந்திரம் எந்தப் பக்கம் பல்லை இறக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இரண்டு வழிக்கும் பணம் கட்டிவிட்டு ஒன்றைச் சும்மா போட்டுவைக்க யாருக்கும் மனம் வராது. இரண்டிலும் சேர்ந்தே போகட்டும் என்பதற்கு ரவுட்டர்களில் இருக்கும் ஏற்பாட்டின் பெயர் ஈசிஎம்பி, சமச்செலவுப் பல்வழி. ஓரிடத்துக்குப் போகும் வழிகளில் மொத்தச் செலவு சமமாக உள்ளவை அனைத்தையும் ரவுட்டர் தன் அட்டவணையில் வைத்துக்கொள்ளும், எல்லாவற்றிலும் போக்குவரத்தைப் பிரித்து அனுப்பும். இங்கே செலவு என்பது கிலோமீட்டரும் இல்லை, ரூபாயும் இல்லை. ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையில் அது பொறியாளர் எழுதிவைக்கும் ஓர் எண். எழுதாமல் விட்டால், பல ரவுட்டர்கள் 100 மெகாபிட்டை லிங்க்கின் வேகத்தால் வகுத்து எடுத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் 1 கிகாபிட் லிங்க்கும் 10 கிகாபிட் லிங்க்கும் ஒன்றுபோல 1 என்றே வந்து நிற்கும். ஆகவே ரவுட்டர் ஏட்டில் சமம் என்பதால் இரண்டு வழியும் ஒரே நேரத்தில் கொண்டுசேர்க்கும் என்று பொருளில்லை. சிக்கலெல்லாம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

மிக எளிய பங்கீடு, முதல் பாக்கெட் சாலை வழி, அடுத்தது ரயில் வழி என்று மாற்றி மாற்றி அனுப்புவது. சுமை கச்சிதமாகப் பாதியாகும். ஆனால் ரயில் வழிக் கேபிள் 20 கிலோமீட்டர் அதிக நீளம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியிழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 5 மைக்ரோவினாடி எடுக்கும். 20 கிலோமீட்டருக்கு 100 மைக்ரோவினாடி. மனிதக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. 10 கிகாபிட் வேகத்தில் 1500 பைட் பாக்கெட் ஒன்று கிளம்ப ஆகும் நேரமோ 1.2 மைக்ரோவினாடி. அந்த 100 மைக்ரோவினாடிக்குள் 83 பாக்கெட்டுகள் கிளம்பிவிடும், அதில் பாதி சாலை வழியாக. ரயில் வழியில் போன ஒரு பாக்கெட் பெங்களூரு போய்ச் சேரும்போது, அதற்குப் பின்னால் புறப்பட்ட நாற்பது சொச்சம் பாக்கெட்டுகள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும்.

டிசிபிக்கு இது பிடிக்காது. வரிசை தவறி ஒரு பாக்கெட் வரும்போதெல்லாம், "எனக்கு இன்னும் அந்தப் பழைய எண்தான் வேண்டும்" என்று பெறும் முனை திரும்பத் திரும்பச் சொல்லும். அப்படி மூன்று முறை கேட்டுவிட்டால் அனுப்பும் முனை அந்தப் பாக்கெட் தொலைந்தது என்றே முடிவுகட்டி, மறுபடி அனுப்பி, தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். இதுதான் நெடுங்கால வழக்கம். எதுவும் தொலையவில்லை, ஆனாலும் வேகம் சரியும். இப்போதைய லினக்ஸ் போன்றவை கொஞ்சம் பொறுமை கற்றிருக்கின்றன. 2021-இல் ஆர்எஃப்சி 8985 ஆக வந்த ராக் முறை, எண்ணிக்கையைவிட நேரத்தைப் பார்க்கிறது. வரிசை கலையும் பாதை என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் சற்றே காத்திருந்து பார்க்கும். ஆனால் எல்லாமே டிசிபி இல்லையே. ஐபிசெக் சுரங்கம், பழைய பாக்கெட்டை யாரோ திருடி மறுபடி அனுப்புகிறார்களா என்று காவல் காக்க ஒரு சாளரம் வைத்திருக்கும். அதன் வழக்கமான அகலம் 64. நம் கணக்கில் தாமதப்பட்ட பாக்கெட் 83 எண் பின்தங்கி வருகிறது. சாளரத்துக்கு வெளியே நிற்பதால் அது சந்தேகக் கேஸ் என்று வீசப்படும். ரயில் வழி போனது கிட்டத்தட்ட மொத்தமும் குப்பைக்குப் போகும். சுமையைப் பகிரப்போய் பாதி சுமையைத் தொலைத்த கதையாகிவிடும்.

ஆகவே ரவுட்டர்கள் பாக்கெட் பாக்கெட்டாகப் பிரிப்பதில்லை, ஓட்டம் ஓட்டமாகப் பிரிக்கின்றன. ஓர் உரையாடலின் பாக்கெட்டுகள் அத்தனையும் ஒரே வழியில் போனால் ஒன்றை ஒன்று முந்த வழியில்லை. எந்த ஓட்டத்தை எந்த வழியில் விட்டோம் என்று ரவுட்டர் எழுதிவைத்துக்கொள்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. முதுகெலும்பு ரவுட்டர் ஒன்றில் ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான ஓட்டங்கள் கடக்கும், ஒவ்வொன்றுக்கும் ஏடு போட முடியாது. பூந்தமல்லி சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையானால் இடது, இரட்டையானால் வலது என்று விதி வைத்தால், எந்த வண்டியையும் அவர் நினைவில் வைத்திருக்க வேண்டாம். அதே வண்டி எத்தனை முறை வந்தாலும் அதே பக்கம்தான் போகும். ரவுட்டர் பார்க்கும் நம்பர் பிளேட்டில் ஐந்து செய்திகள் உண்டு: அனுப்புநரின் ஐபி முகவரி, பெறுநரின் ஐபி முகவரி, நெறிமுறை எண், இரு முனை போர்ட் எண்கள். இவற்றைப் போட்டுக் குழைத்து ஓர் எண் ஆக்குவதுதான் ஹேஷ். அந்த எண் எந்த வழியின் பங்கில் விழுகிறதோ அந்த வழி.

லினக்ஸ் பெட்டியையே ரவுட்டராக வைத்து இதைச் செய்து பார்க்கலாம்:

```
ip route add 10.20.0.0/16 \
   nexthop via 10.0.1.1 \
   nexthop via 10.0.2.1
sysctl -w net.ipv4.fib_multipath_hash_policy=1
```

கடைசி வரி இல்லாவிட்டால் லினக்ஸ் ஐபி முகவரிகளை மட்டுமே ஹேஷில் சேர்க்கும், போர்ட்டுகளை விட்டுவிடும். இந்த லினக்ஸே ஒரு காலம் தடுமாறியது. 2012-இல் 3.6 பதிப்பில் பழைய வழிக் கேஷை எடுத்தபோது, ஐபிவி4 பல்வழி, பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும்படி ஆகிவிட்டது. 2016 ஜனவரியில் வந்த 4.4 பதிப்பில்தான் ஹேஷ் முறை வந்து அதைச் சரிசெய்தது.

ஹேஷ் சமமாகப் பங்கிடும் என்ற நம்பிக்கையை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. ஆயிரக்கணக்கான சிறு ஓட்டங்கள் இருந்தால் பங்கு ஏறக்குறையச் சமமாகும். நான்கு பெரிய பேக்கப் ஓட்டங்கள் நான்கு வழிகளுக்கு வந்தால்? ஆளுக்கொரு வழி கிடைக்க வாய்ப்பு 256-இல் 24, அதாவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மற்ற தருணங்களிலெல்லாம் எங்கேனும் ஒரு வழியில் இரண்டு யானைகள் முட்டிக்கொள்ள, இன்னொரு வழி காலியாகக் கிடக்கும். ஹேஷுக்கு ஓட்டத்தின் பருமன் தெரியாது. வழி நிரம்பியிருக்கிறதா என்பதும் தெரியாது. வரிசை கலையாமல் இருக்க நாம் கொடுக்கும் விலை இது.

வழி ஒன்று அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் அந்தப் பங்கிடும் விதிதான் தீர்மானிக்கிறது. ஹேஷ் எண்ணை வழிகளின் எண்ணிக்கையால் வகுத்து மீதியைப் பார்ப்பது எளிய விதி. நான்கு வழி மூன்றானால், அறுந்த வழியில் இருந்த கால்பங்கு ஓட்டங்கள் மட்டும் நகர்ந்தால் போதும். ஆனால் 4-ஆல் வகுத்த மீதியும் 3-ஆல் வகுத்த மீதியும் ஒத்துப்போவது 12 எண்களில் 3 எண்களுக்குத்தான். ஆக முக்கால் பங்கு ஓட்டங்கள் வழி மாறி, எந்தத் தப்பும் செய்யாத உரையாடல்களும் அந்தக் கணம் வரிசை கலையும். கிறிஸ்டியன் ஹாப்ஸ் 2000 நவம்பரில் எழுதிய ஆர்எஃப்சி 2992 இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்க்கிறது. ஹேஷ் எண்களின் வீச்சைத் துண்டு துண்டாகப் பிரித்து வழிக்கு ஒரு துண்டு கொடுத்தால், நகரும் ஓட்டங்கள் கால் பங்குக்கும் அரைப் பங்குக்கும் இடையில் அடங்கும் என்று அது காட்டியது.

இதுவரை சொன்னதெல்லாம் நம்பர் பிளேட்டை ரவுட்டர் சரியாகப் படிக்கிறது என்ற அனுமானத்தில். படிக்கத் தெரியாத இடத்தில் ஊகிக்க ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்பதுதான் என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிக நல்ல பாடம்.

அம்பத்தூரில் ஒரு நிறுவனம், பெங்களூரு அலுவலகத்துக்கு ஈதர்நெட் லிங்க் ஒன்றைத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் கண்ணுக்கு அது 350 கிலோமீட்டர் நீளமான ஒரு ஒயர். இந்த முனையில் போட்ட ஈதர்நெட் ஃப்ரேம் அப்படியே அந்த முனையில் வரும். உள்ளே நடப்பது வேறு. முனை ரவுட்டர் அந்த ஃப்ரேமை முழுசாக எடுத்து, முன்னால் எம்பிஎல்எஸ் லேபிள்களை ஒட்டி, முதுகெலும்புக்குள் அனுப்பும். இதைப் போலி ஒயர் என்ற பொருளில் சூடோஒயர் என்கிறார்கள். நடுவில் இருக்கும் ரவுட்டர்கள் லேபிளை மட்டும் பார்த்துக் கடத்தினால் போதும்.

ஆனால் லேபிளை மட்டும் பார்த்து ஹேஷ் போட்டால், இரண்டு ஊருக்கும் இடையிலான ஏராளமான சாதாரண இணையப் போக்குவரத்து ஒரே லேபிளில் போவதால், மொத்தமும் ஒரே வழியில் குவியும். அதைத் தவிர்க்க நடு ரவுட்டர்கள் லேபிளுக்குக் கீழே எட்டிப்பார்க்கும். அங்கேதான் வினை. லேபிளின் கீழே இருப்பது என்ன என்று சொல்லும் புலம் எம்பிஎல்எஸ் தலைப்பில் கிடையாது. இதுதான் கடைசி லேபிள் என்று சொல்லும் ஒரு பிட் உண்டு, அவ்வளவே. ஆகவே ரவுட்டர் அடுத்த நான்கு பிட்டைப் பார்க்கிறது. ஐபிவி4 தலைப்பு எப்போதும் 4 என்றும் ஐபிவி6 தலைப்பு 6 என்றும் தொடங்கும். 4 இருந்தால் ஐபிவி4, 6 இருந்தால் ஐபிவி6, வேறு எதுவானாலும் லேபிளோடு நிறுத்திக்கொள். நடைமுறையில் இது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

சூடோஒயரில் லேபிளுக்கு அடுத்து வருவது வாடிக்கையாளர் ஃப்ரேமின் முதல் பைட். ஈதர்நெட் ஃப்ரேம் தொடங்குவது பெறும் கருவியின் மேக் முகவரியில். மேக் முகவரியின் முன்பகுதியைத் தயாரிப்பாளர்களுக்கு ஒதுக்குவது ஐஇஇஇ அமைப்பு. சூடோஒயர் வடிவமைக்கப்பட்ட காலத்தில் 4-இலோ 6-இலோ தொடங்கும் முகவரியுள்ள கருவிகள் புழக்கத்தில் இல்லாததுபோலத்தான். பிறகு ஒதுக்கீடு அந்த எண்களையும் எட்டியது, அந்த முகவரிகளோடு பெட்டிகள் சந்தைக்கு வந்தன. பெங்களூரு முனையில் பழைய பெட்டியை மாற்றிப் புதுப் பெட்டி வைக்கிறார்கள், அதன் மேக் `4c` என்று தொடங்குகிறது. நடு ரவுட்டரின் கண்ணுக்கு அந்த ஃப்ரேம் இப்போது ஐபிவி4 பாக்கெட்.

அடுத்து அது என்ன படிக்கிறது என்று பைட் பைட்டாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஐபிவி4 தலைப்பில் அனுப்புநர் முகவரி 12-ஆம் பைட்டிலிருந்து 15 வரை, பெறுநர் முகவரி 16-இலிருந்து 19 வரை. ஈதர்நெட் ஃப்ரேமில் அந்த இடங்களில் இருப்பவை:

```
பைட்    முதல் ஃப்ரேம்         அடுத்த ஃப்ரேம்
0-5     4c 00 00 12 34 56    4c 00 00 12 34 56
6-11    00 11 22 33 44 55    00 11 22 33 44 55
12-15   08 00 45 00          08 00 45 00
16-19   05 dc 1a 2b          05 dc 1a 2c
```

முதல் வரி பெறும் மேக், இரண்டாவது அனுப்பும் மேக். 12-இலும் 13-இலும் இருக்கும் `08 00`, உள்ளே இருப்பது ஐபிவி4 என்று சொல்லும் ஈதர்நெட் குறி. 14-இல்தான் வாடிக்கையாளரின் உண்மையான ஐபி தலைப்பு `45 00` என்று தொடங்குகிறது. நடு ரவுட்டர் இந்த நான்கையும் சேர்த்து 8.0.69.0 என்று ஓர் அனுப்புநர் முகவரியாகப் படிக்கும். அபத்தம், ஆனால் எல்லா ஃப்ரேமிலும் ஒரே அபத்தம், அதனால் கேடில்லை. கேடு கடைசி வரியில். `05 dc` என்பது உண்மையான ஐபி தலைப்பில் உள்ள நீளம், 1500. அதற்கடுத்த `1a 2b` அந்தப் பாக்கெட்டின் அடையாள எண். அனுப்பும் கணினிகள் பல இதைப் பாக்கெட்டுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டே போகும். நடு ரவுட்டர் அந்த இரண்டையும் சேர்த்துப் பெறுநர் முகவரி என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே கோப்பைச் சுமந்து வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் அதன் பார்வையில் வேறு வேறு ஊருக்குப் போகும் வேறு வேறு ஓட்டம். ஹேஷ் ஒவ்வொன்றையும் தோன்றிய வழியில் எறியும். எதைத் தவிர்க்க ஹேஷ் வந்ததோ, அதையே ஹேஷ் செய்துகொண்டிருக்கும்.

இந்தக் கோளாறின் அடையாளங்கள் ஆளைக் குழப்பும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் முதலில் நிற்பது பெறும் கருவியின் மேக் என்பதால், அந்தப் புதுப் பெட்டியை நோக்கிப் போகும் போக்குவரத்து மட்டுமே கலையும். எதிர்த்திசை சுத்தமாக இருக்கும். பெங்களூருவில் டவுன்லோடு இழுக்கும், அப்லோடு பறக்கும். பிங் போட்டால் ஒரு பாக்கெட்கூடத் தொலையாது. வினாடிக்கு ஒன்று போகும் பிங்கில் 100 மைக்ரோவினாடி வித்தியாசத்தால் எதுவும் எதையும் முந்த முடியாது. டிரேஸ்ரூட்டும் உதவாது, நடு ரவுட்டர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியா. லிங்க் கொடுத்தவர் தன் கருவிகளைப் பார்த்து எர்ரர் இல்லை, டிராப் இல்லை என்று சொல்வார், அதுவும் உண்மை. போதாக்குறைக்கு, வாடிக்கையாளர் ஃப்ரேமில் வீலேன் டேக் ஒன்று இருந்தால் எல்லாம் நான்கு பைட் தள்ளிப்போய், 16 முதல் 19 வரையிலான இடத்தில் மாறாத `08 00 45 00` வந்து உட்கார்ந்துவிடும். முகவரிகளை மட்டும் ஹேஷ் செய்யும் ரவுட்டரில் அப்போது கோளாறே தெரியாது. அதே ரவுட்டர், அதே மாதிரிப் பெட்டி, ஒரு வாடிக்கையாளருக்குத் தொல்லை, பக்கத்து வாடிக்கையாளருக்கு இல்லை.

கண்டுபிடிக்க வேண்டிய இடம் முனையில் உள்ள கணினிதான். லினக்ஸில் `ss -ti` கொடுத்தால், வரிசை கலைவதை டிசிபி கண்டிருந்தால் அந்த இணைப்பின் விவரத்தில் `reord_seen` என்று எண்ணோடு வரும். `iperf3` கொண்டு யூடிபி ஓட்டினால் வரிசை தவறி வந்த பாக்கெட்டுகளைத் தனியாகச் சொல்லும். இழப்பு சுழி, வரிசைக் கலைவு ஏராளம், ஒரு திசையில் மட்டும் என்று வந்தால், `ip neigh` போட்டு எதிர்முனைப் பெட்டியின் மேக் முகவரியில் முதல் எழுத்தைப் பார்ப்பது அடுத்த வேலை. உறுதிசெய்ய எளிய வழி, அந்தப் பெட்டிக்கு `02` என்று தொடங்கும் உள்ளூர் மேக் முகவரியைக் கொடுத்துச் சோதிப்பது. கலைவு சட்டென்று நின்றுவிட்டால், நடுவில் எங்கோ ஒரு ரவுட்டர் ஊகித்துக்கொண்டிருக்கிறது.

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4385, லேபிளுக்கும் சுமைக்கும் நடுவே நான்கு பைட் கட்டுப்பாட்டுச் சொல் ஒன்றை வகுத்தது. அதன் முதல் நான்கு பிட் சுழி. 4-உம் இல்லை, 6-உம் இல்லை என்பதால் நடு ரவுட்டர் எட்டிப்பார்ப்பதை நிறுத்திவிடும். ஆனால் அதே ஆண்டு வந்த ஈதர்நெட் சூடோஒயர் வரையறை, ஆர்எஃப்சி 4448, அந்தச் சொல்லை விருப்பத்துக்கு விட்டுவிட்டது. விருப்பம் என்றால் பலர் போடவில்லை, சில கருவிகளால் போடவும் முடியவில்லை. ஊகத்தில் உள்ள ஆபத்தை 2007-இல் ஆர்எஃப்சி 4928 எச்சரித்தது. அதை எழுதியவர்களில் ஒருவரான ஸ்டூவர்ட் பிரையண்டே, பதினோரு ஆண்டு கழித்து, 2018 நவம்பரில், ஆர்எஃப்சி 8469-ஐயும் எழுத வேண்டியிருந்தது. 4-இலும் 6-இலும் தொடங்கும் முகவரிகள் பரவிவிட்டன, இனி ஈதர்நெட் சூடோஒயரில் கட்டுப்பாட்டுச் சொல்லைப் போடுங்கள் என்பதே அதன் சாரம். நான்கு பைட்டை மிச்சம் பிடித்ததற்கு இத்தனை ஆண்டு வட்டி.

கட்டுப்பாட்டுச் சொல் வரிசையைக் காப்பாற்றுகிறது, ஆனால் பங்கீட்டைக் கைவிடுகிறது. நடு ரவுட்டருக்கு இப்போது அந்த வாடிக்கையாளரின் போக்குவரத்து முழுதும் ஒரே ஓட்டம். 10 கிகாபிட் சூடோஒயர் முழுக்கச் சாலை வழியிலோ முழுக்க ரயில் வழியிலோதான் போகும். இதற்கு 2011-இல் ஆர்எஃப்சி 6391 சொன்ன தீர்வு, ஊகிக்கும் வேலையை நடுவிலிருந்து எடுத்து முனைக்குக் கொடுப்பது. அம்பத்தூர் முனை ரவுட்டருக்கு வந்திருப்பது ஈதர்நெட் ஃப்ரேம் என்று ஐயமறத் தெரியும். அது உள்ளே இருக்கும் உண்மையான ஐபி முகவரிகளையும் போர்ட்டுகளையும் படித்து, ஹேஷ் போட்டு, அந்த எண்ணை இன்னொரு லேபிளாகக் கீழே ஒட்டிவிடும். நடு ரவுட்டர் லேபிள்களை மட்டும் ஹேஷ் செய்தாலே ஓட்டங்கள் ஒழுங்காகப் பிரியும். 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6790 இதே எண்ணத்தை எல்லா எம்பிஎல்எஸ் போக்குவரத்துக்கும் விரித்தது.

இதுவும் முனை ரவுட்டருக்குப் படிக்கத் தெளிவான தலைப்பு இருக்கும் வரைதான். அம்பத்தூர் நிறுவனம் தன் போக்குவரத்து முழுவதையும் ஒரே ஐபிசெக் சுரங்கத்தில் மறைத்து அனுப்பினால், வெளியே தெரிவது இரண்டு ஐபி முகவரிகளும் ஒரு சுரங்க எண்ணும் மட்டுமே. போர்ட் எண்கள் மறையாக்கத்துக்குள் போய்விட்டன. ஹேஷுக்கு அது ஒரே ஓட்டம், ஒரே வழி. இன்னொரு வழி காலியாகவே கிடக்கும். அதை நிரப்ப வேண்டுமானால் ஒரு சுரங்கத்துக்குப் பதில் நாலைந்து சுரங்கம் போட்டு, உள்ளே எது எதில் போவது என்பதை அந்த நிறுவனமே பிரித்துக்கொள்ள வேண்டும்.